பருத்தித்துறை வடையை எந்தச் சொல்லால் தேடுவார்கள்?

குறும்வீடியோவுக்கு ஆட்கள் இரண்டு வழியால் வருகிறார்கள். போனைக் கையில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போகும்போது நம்முடைய வீடியோ தற்செயலாகக் கண்ணில் படுவது ஒரு வழி. தேடல் பெட்டியைத் திறந்து, தனக்கு வேண்டியதைத் தன் சொல்லால் எழுதி, வந்த வரிசையில் நம்முடையதைத் தொடுவது மற்ற வழி. முதல் வழியால் வருகிறவர்களின் தொகை பெரிது, இரண்டாவது வழியால் வருகிறவர்களின் தேவை பெரிது. இது எப்படிச் செய்வது, எங்கே வாங்குவது, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று அறிய வந்தவர்கள் அவர்கள். கேப்ஷனும் ஹேஷ்டேக்கும் இந்த இரண்டாவது ஆளை நினைத்தே எழுதப்பட வேண்டியவை.

பருத்தித்துறையில் வீட்டில் வடை சுட்டு விற்கும் அன்ரி ஒருவர், பின்னேரத் தேத்தண்ணிக்கு வந்த இடத்தில் தன் போனை என்னிடம் நீட்டினார். வீடியோ நன்றாகவே இருந்தது. உள்ளங்கையில் மாவுருண்டையைத் தட்டி மெல்லிய வட்டமாக்கி, கொதிக்கும் எண்ணெயில் வழுக்கி விடுகிறார். சலசலப்பு அடங்கியதும் பொன்னிறமாக எடுத்துக் கண்ணகப்பையில் வடிய விடுகிறார். குறை வீடியோவில் இல்லை, அதன் கீழே எழுதியிருந்ததில் இருந்தது:

```
இன்றைய ஸ்பெஷல்! வீட்டுச் சுவை 😍
#fyp #foryou #viral #trending #tamil
#love #food #nallur #jaffnakings
```

"ஹேஷ்டேக் எல்லாம் நிரப்பிப் போட்டனான் தம்பி. ஒரு ஓடரும் வரேல்லை. இதில என்ன பிழை?" என்று கேட்டார்.

"அன்ரி, இதில வடை எண்ட சொல்லே இல்லையே" என்றேன்.

பிழை அங்கேதான் தொடங்குகிறது. 'இன்றைய ஸ்பெஷல்' என்பது கடை வாசலில் நிற்கிறவருக்குப் புரியும், ஏனென்றால் அவர் கடைக்கு வந்தாயிற்று. ரொறன்ரோவில் இருந்து வடை தேடுகிறவர் 'இன்றைய ஸ்பெஷல்' என்று எழுதித் தேடமாட்டார். அன்ரியின் கேப்ஷனில் பொருளின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை, என்ன செய்து காட்டுகிறார் என்பதும் இல்லை. தேடல் பெட்டி முதலில் பார்ப்பது எழுத்தைத்தான். எழுதப்படாத சொல்லை அது எங்கிருந்து எடுக்கும்? படத்தில் உள்ளதை அடையாளம் காணவும் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கவும் செயலிகள் முயல்கின்றன என்பது உண்மை. ஆனால் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று யாழ்ப்பாணப் பேச்சில் சொல்லும் ஒரு சொல்லை அவை சரியாகப் பிடிக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அடுத்தது அந்த ஹேஷ்டேக்குகள். `#fyp` என்பது டிக்டொக் ஒவ்வொருவருக்கும் தெரிந்தெடுத்துக் காட்டும் பக்கத்தின் ஆங்கிலச் சுருக்கம். அதை எழுதினால் அந்தப் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கிடைக்காது. வடை வேண்டியவர் எவரும் அந்தச் சொல்லைத் தேடுவதும் இல்லை. `#nallur` போட்டது நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஆட்கள் கூடுவார்கள் என்ற கணக்கில். `#jaffnakings` ஒரு கிரிக்கெட் அணியின் பெயர். தேரையும் மேளத்தையும் பார்க்க வந்தவருக்கும் சிக்ஸர் பார்க்க வந்தவருக்கும் வடையைக் காட்டினால் ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். வந்த வேகத்தில் போகிறவர்கள் கூடக் கூட, இந்த வீடியோ ஆட்களுக்குப் பிடிக்கவில்லை என்றே செயலி கணக்கிடும். பொருந்தாத ஹேஷ்டேக் உதவாமல் போவதோடு நிற்பதில்லை, இப்படித் தீங்கும் செய்யும்.

ஹேஷ்டேக் எதற்காக வந்தது என்று தெரிந்தால் இதை விளங்கிக்கொள்வது இலகு. 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்பவர் ருவிட்டரில் ஒரு யோசனையை எழுதினார். ஒரே விடயத்தைப் பேசுகிற பதிவுகளை ஒன்றுசேர்க்க, சொல்லின் முன்னால் `#` குறி போடலாமா என்று கேட்டு, `#barcamp` என்பதை உதாரணமாகக் காட்டினார். அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் சான் டியாகோவில் காட்டுத்தீ பரவியபோது `#sandiegofire` என்று ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள், வழக்கம் நிலைத்தது. இன்ஸ்டாகிராம் 2011இலும் பேஸ்புக் 2013இலும் இதை எடுத்துக்கொண்டன. ஆக, ஹேஷ்டேக் என்பது கோயில் ஒலிபெருக்கி அல்ல, சாடியில் ஒட்டும் பெயர்ச்சீட்டு. உள்ளே இருப்பது என்ன என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. இன்ஸ்டாகிராமின் தலைவர் அடம் மொசேரியும் ஹேஷ்டேக் போடுவதால் பார்வை கூடிவிடாது என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

"அப்ப ஏன் சில ஹேஷ்டேக் மட்டும் நாடு முழுக்கப் பரவுது?" என்று அன்ரி கேட்டார். நியாயமான கேள்வி. 2022இல் இலங்கை முழுவதும் `#GoHomeGota` பரவியதை எல்லோரும் கண்டோம். அது பரவியதற்குக் காரணம் நாட்டின் கோபம். ஹேஷ்டேக் செய்தது அந்தக் கோபத்தை ஒரே பெயரின் கீழ் சேர்த்தது. கொழும்பில் இருந்தவரும் கண்டியில் இருந்தவரும் லண்டனில் இருந்தவரும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள், அதனால் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தன. வடையின் கதை இதற்கு நேர் எதிர். பருத்தித்துறை வடைக்கு ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட ஒரு பெயர் இல்லை, ஒரு எழுத்துக்கூட்டலும் இல்லை. நாம் ஒரு பெயரை எழுத, தேடுகிறவர் வேறொரு பெயரை எழுதுகிறார். இரண்டும் சந்திக்காமல் போவதுதான் அன்ரிக்கு நடந்தது.

வடமராட்சிக்காரர் ஒருவர் இதைப் பருத்தித்துறை வடை என்பார், பேச்சில் அது 'பருத்துறை வடை' ஆகிவிடும். தட்டிச் செய்வதால் தட்டை வடை என்றும் சொல்வதுண்டு. ஊரின் ஆங்கிலப் பெயர் பொயின்ற் பீட்ரோ. சிங்களத்தில் அதே ஊர் பேதுருதுடுவ, யாழ்ப்பாணம் யாப்பனய. வெளிநாட்டில் பிறந்து தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளை ஆங்கில எழுத்தில் தன் காதுக்குக் கேட்டபடி எழுதும். `paruthithurai` என்று ஒருவர், `paruththithurai` என்று இன்னொருவர், `parutithurai` என்று மூன்றாமவர். நமது பக்கத்தில் தகரத்துக்கு `th` போடுவதும், இரட்டித்தால் `thth` என்று எழுதுவதும் வழக்கம். தமிழ்நாட்டில் அப்படி எழுதுவது குறைவு. கொழும்பில் இருக்கும் சிங்கள நண்பர் வடையை `wade` என்று எழுதுவார். ஊர்ப் பெயரே தெரியாதவர் கண்டதை வைத்து `sri lankan crispy vadai` என்று விவரித்துத் தேடுவார்.

இந்தப் பட்டியலை நாமாக இருந்து யோசித்து எழுதக்கூடாது. நாம் அந்தப் பொருளோடு பிறந்து வளர்ந்தவர்கள், நமக்கு அதன் பெயர் ஒன்றே ஒன்றாகத்தான் தோன்றும். அன்ரியிடம் நான் சொன்ன வழி இது: வடையின் படத்தை மட்டும், பெயர் ஒன்றும் எழுதாமல், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கோ. 'இதை ரிக்ரொக்கில தேடுறதெண்டா என்ன எழுதுவாய்? அப்பிடியே எழுதி அனுப்பு' என்று கேளுங்கோ. குரலில் பதில் சொல்ல விடாதீர்கள், எழுதித்தான் அனுப்ப வேண்டும், ஏனென்றால் நமக்குத் தேவை எழுத்துக்கூட்டல். மாமாவிடமும் கேளுங்கள், மாமாவின் மகளிடமும் கேளுங்கள். இருவரும் ஒன்றையே எழுதமாட்டார்கள்.

பிறகு அந்தச் சொற்களைத் தேடல் பெட்டியில் பாதி எழுதிப் பாருங்கள். `paruthi` என்று எழுதியதும் கீழே சில வரிகள் தானாக வரும். அவற்றில் பெரும்பாலானவை வேறு ஆட்கள் முன்பு தேடியதை வைத்து வருபவை. நீங்கள் நினைத்த சொல் அங்கே வந்தால் அதை ஆட்கள் தேடுகிறார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம். வராவிட்டால் தேடுகிறவர்கள் மிகக் குறைவாக இருக்கலாம். இதில் ஒரு கவனம் தேவை. உங்கள் போன் உங்கள் பழக்கத்தை அறிந்தது, நீங்கள் அடிக்கடி பார்ப்பதையே முன்னால் காட்டும். நாட்டுக்கு நாடும் வரிசை மாறும். அதனால் ரொறன்ரோவில் இருக்கும் ஒருவரைத் தேடச் சொல்லி, திரையைப் படமெடுத்து அனுப்பக் கேட்பது நல்லது.

அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியவரும். 'தட்டு வடை' என்று தேடினால் நமது வடை வராமல், மொறுமொறு தட்டுக்கு நடுவே காய்கறித் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துத் தட்டு வடை செட் வந்து நிற்கும். தமிழ்நாட்டில் 'தட்டை' என்றால் அரிசி மாவில் செய்யும் இன்னொரு பலகாரம். நம்முடையதோ உளுந்தும் கோதுமை மாவும் சேர்ந்தது. `#jaffna` என்று மட்டும் போட்டால் செய்தி, கிரிக்கெட், திருவிழா, கல்யாணவீட்டு வீடியோ எல்லாம் கொட்டிக் கிடக்கும் இடத்தில் ஒரு வடை காணாமல் போகும். ஒற்றைச் சொல் பெரும்பாலும் இப்படித்தான் வேறெங்கோ கொண்டுபோய் விடும். பொருளையும் ஊரையும் சேர்த்த இரட்டைச் சொல்தான் சரியான ஆளிடம் சேர்க்கும். 'யாழ்ப்பாணத் தட்டை வடை', `jaffna vadai`, `point pedro vadai` என்பவை அப்படிப்பட்டவை. இவற்றைத் தேடுகிறவர்கள் சிலர்தான். ஆனால் அந்தச் சிலருக்கு வேண்டியது இந்த வடைதான், அங்கே போட்டியும் குறைவு.

சொற்கள் கைக்கு வந்ததும் அவற்றை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. இங்கே ஆட்கள் ஹேஷ்டேக்கில் காட்டும் அக்கறையைக் கேப்ஷனில் காட்டுவதில்லை. தேடலில் அகப்பட வேண்டுமென்றால் தேடுசொற்களையும் ஹேஷ்டேக்குகளையும் கேப்ஷனிலேயே எழுதுங்கள், கருத்துப் பகுதியில் எழுதாதீர்கள் என்று இன்ஸ்டாகிராம் 2021இலேயே சொல்லிவிட்டது. முதல் கருத்தில் ஹேஷ்டேக்கை ஒளித்து வைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். கேப்ஷனின் முதல் வரி மட்டுமே திரையில் தெரியும், மிச்சத்தைத் தொட்டுத் திறந்துதான் வாசிக்க வேண்டும். ஆகவே முதன்மையான பெயர் முதல் வரியில், முதற்சொல்லாகவே வந்துவிடுவது நல்லது.

ஹேஷ்டேக்குக்கு இப்போது எல்லையும் சுருங்கிவிட்டது. இன்ஸ்டாகிராமில் நெடுங்காலம் ஒரு பதிவுக்கு 30 வரை போட முடிந்தது. 2025இன் இறுதியில் அதை 5 ஆகக் குறைத்தார்கள். டிக்டொக்கும் அதே ஆண்டில் 5க்கு வந்துவிட்டது. யூடியூப்பில் இவ்வளவு இறுக்கம் இல்லை, ஆனால் 60க்கு மேல் போட்டால் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். ஷோர்ட்ஸ் என்று தெரிவதற்காக `#shorts` போட வேண்டிய தேவையும் இல்லை. நிமிர்ந்த அல்லது சதுர வடிவத்தில் 3 நிமிடத்துக்குள் இருந்தால் யூடியூப் தானாகவே அதைக் குறும்வீடியோவாக எடுத்துக்கொள்ளும். ஐந்தே இடம் என்றால் ஒவ்வொன்றும் ஒரு தேடுகிறவருக்குப் போக வேண்டும். `#love`க்கு அங்கே இடமில்லை.

அன்ரியோடு இருந்து நாங்கள் திருத்தி எழுதிய கேப்ஷன் இது:

```
பருத்தித்துறை வடை வீட்டில் செய்வது எப்படி?
உளுந்து, கோதுமை மா, செத்தல் மிளகாய்,
பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்த
யாழ்ப்பாணத் தட்டை வடை.
Point Pedro vadai, crispy Jaffna snack, Sri Lanka.
#பருத்தித்துறைவடை #paruthithuraivadai
#pointpedro #jaffnafood #thattaivadai
```

முதல் வரியில் பெயரும் கேள்வியும் இருக்கின்றன, ஏனென்றால் செய்முறை தேடுகிறவர் 'எப்படி' என்ற சொல்லோடுதான் தேடுவார். இரண்டாவது வாக்கியத்தில் வரும் பொருட்களின் பெயர்கள் வெறும் அலங்காரம் அல்ல. 'உளுந்து வடை', 'கோதுமை மா வடை' என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது பொருந்தும். தட்டை வடை என்ற மறுபெயர் யாழ்ப்பாணம் என்ற ஊரோடு சேர்ந்து வருவதால் சேலத்துச் செட்டோடு குழம்பாது. ஆங்கில வரி தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கொழும்பில் இருந்து வரும் ஆளுக்கும் உரியது. `paruththithurai` என்ற மற்ற எழுத்துக்கூட்டலை இங்கே திணிக்கவில்லை, அதை அடுத்த வீடியோவுக்கு வைத்துக்கொண்டோம். எல்லாப் பெயரையும் ஒரே கேப்ஷனில் அடுக்கினால் வாசிக்கிற மனிதருக்கு அது பட்டியலாகத் தெரியும், நம்பிக்கை போய்விடும்.

பெயரைச் சிதைக்காமல் எழுதுவது தமிழில் தனியாகக் கவனிக்க வேண்டியது. 'பருத்தித்துறையின் புகழ்பெற்ற வடையை இன்று சுடுவோம்' என்பது நல்ல தமிழ்தான். ஆனால் அதில் 'பருத்தித்துறை வடை' என்ற தொடர் எங்கும் இல்லை. வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டு வேர்ச்சொல்லைப் பிடிக்கும் வேலையை இந்தத் தேடல்கள் ஆங்கிலத்துக்குச் செய்வது போலத் தமிழுக்குச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு தடவையாவது பெயர் உருபு ஒட்டாமல், பிரியாமல், அப்படியே நிற்க வேண்டும். சந்தியும் இப்படித்தான். ஒடியல் கூழ் என்று தேடுகிறவருக்கு 'ஒடியற்கூழ்' என்று மட்டும் எழுதிய வீடியோ அகப்படாமல் போகலாம். இலக்கணப்படி இரண்டும் சரி, தேடல் பெட்டிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்துக்கோவை.

தமிழ் ஹேஷ்டேக்கில் தட்டெழுத்தின் பொறிகளும் உண்டு. ஹேஷ்டேக் இடைவெளியில் முடிந்துவிடும். `#பருத்தித்துறை வடை` என்று எழுதினால் `#பருத்தித்துறை` மட்டும் நீலமாகும், வடை வெளியே நிற்கும். புள்ளியும் சிறுகோடும் கூட அதை வெட்டிவிடும். சேர்த்து எழுதலாம், அல்லது `#பருத்தித்துறை_வடை` என்று அடிக்கோடு போடலாம். இவை இரண்டும் இரண்டு வேறு ஹேஷ்டேக்குகள், ஒன்றைத் தொட்டால் மற்றதில் உள்ளவை வரமாட்டா. ஒன்றைத் தெரிந்துகொண்டு எல்லா வீடியோவிலும் அதையே பாவியுங்கள். பதிவிட்ட பிறகு அதைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். உங்கள் சொல் முழுவதும் நீலமாகி, தொட்டதும் அதே பெயரில் பக்கம் திறந்தால்தான் அது சரியாக விழுந்திருக்கிறது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் கணினிக்கு வேறாகும் எழுத்துகளும் இருக்கின்றன. 'ஸ்ரீ' என்பதை யூனிகோடில் ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒரு போனின் விசைப்பலகை ஒன்றைத் தரும், இன்னொரு போன் மற்றதைத் தரும். ஸ்ரீலங்கா என்று ஹேஷ்டேக் போட்டால் அது பிரிந்துபோக இடமுண்டு, இலங்கை என்று போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஔகாரத்திலும் இதே சிக்கல். 'பௌர்ணமி' என்று எழுத, ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டிவிடுகிறவர்கள் பலர். பார்க்க அப்படியே இருக்கும், தேடினால் வராது.

நமது ஊருக்கே உரிய இன்னொரு பொறி பாமினி. யாழ்ப்பாணத்து அச்சகங்களிலும் புலம்பெயர்ந்தோர் பத்திரிகைகளிலும் நெடுங்காலம் பாவித்த எழுத்துரு அது, இன்றும் துண்டுப்பிரசுரம் அடிக்கிற இடங்களில் காணலாம். அச்சகத்தில் செய்வித்த நோட்டீசில் இருந்து வாசகத்தைப் பிரதி பண்ணிக் கேப்ஷனில் ஒட்டினால் 'பருத்தித்துறை வடை' இப்படி வந்து நிற்கும்:

```
gUj;jpj;Jiw til
```

பாமினியில் தமிழ் எழுத்தின் உருவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே மிஞ்சும், அவற்றை எவரும் தேடப்போவதில்லை. போனிலேயே யூனிகோடு விசைப்பலகையில் திரும்ப எழுதுங்கள், அல்லது பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு எடுத்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

"ஒரே கேப்ஷனை எல்லாத்திலயும் போடலாமோ?" என்று அன்ரி கேட்டார். போடலாம், ஆனால் எங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சற்று மாற்றினால் நல்லது. இந்தியா 2020 ஜூன் இறுதியில் டிக்டொக்கைத் தடைசெய்தது. அங்கே அந்த இடத்தை இன்ஸ்டாகிராம் ரீல்சும் யூடியூப் ஷோர்ட்சும் பிடித்துக்கொண்டன. ஆகவே அன்ரியின் டிக்டொக் வீடியோவைச் சென்னையில் இருக்கிறவர் தேடி வரப்போவதில்லை. டிக்டொக்கில் அதைப் பார்க்க வருகிறவர்கள் இலங்கையிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறவர்கள். டிக்டொக்குக்கு `Sri Lankan` என்ற சொல்லும் ஆங்கில எழுத்துத் தமிழும் முன்னுக்கு வரலாம். யூடியூப்பில் தமிழ்நாட்டவர் நிறையப் பேர், அவர்களுக்கு 'இலங்கை', 'யாழ்ப்பாணம்' என்பவை தமிழிலேயே வேண்டும். யூடியூப்பில் தலைப்பு என்று தனி இடம் உண்டு, 100 எழுத்து வரை எழுதலாம். தேடுசொல்லுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. 'பருத்தித்துறை வடை | யாழ்ப்பாணத் தட்டை வடை | Point Pedro Vadai' என்பது அதற்குள் அடங்கிவிடும். எழுத்துக்கூட்டல் பிழையாகத் தேடுகிறவர்களுக்காக விவரப் பகுதியில் 'டேக்' என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், விட்டுப்போன `paruththithurai` அங்கே போகலாம். இன்ஸ்டாகிராமில் இடத்தைக் குறிக்கும் வசதியில் பருத்தித்துறையைத் தெரிந்தெடுத்தால், கடற்கரையும் வெளிச்சவீடும் பார்க்க ஊரைத் தேடும் பயணிக்கும் வடை கண்ணில் படும்.

தேடுசொல் ஆளை வாசல்வரைதான் கொண்டுவரும். உள்ளே வந்தவர், தான் தேடியது இதுதானா என்று முதல் இரண்டு மூன்று நொடிக்குள் தீர்மானிப்பார். அன்ரியின் வீடியோ உளுந்து ஊறப்போட்டதில் தொடங்கியது, வடை வர நேரமெடுத்தது. பொரித்த வடையை உடைக்கும் காட்சியை முன்னுக்குக் கொண்டுவந்து, அதன் மேல் 'பருத்தித்துறை வடை' என்று எழுத்தில் போட்டு, அதே பெயரை வாயாலும் சொல்லும்படி மாற்றினோம். கேப்ஷனில் சொன்னதும் திரையில் எழுதியதும் காதில் கேட்டதும் ஒன்றாக இருந்தால் தேடி வந்தவர் நிற்பார். அவர் நின்று பார்ப்பதுதான், அடுத்த தடவை அதே சொல்லைத் தேடுகிறவருக்கு இந்த வீடியோவை மேலே காட்ட ஒரு காரணமாகிறது.

பலன் வருகிறதா என்று மொத்தப் பார்வை எண்ணை வைத்து அறிய முடியாது. யூடியூப் ஸ்டூடியோவில் பார்வைகள் எந்த வழியால் வந்தன என்று பிரித்துக் காட்டும் பகுதி இருக்கிறது. அதில் 'யூடியூப் தேடல்' என்பதைத் தொட்டால், ஆட்கள் எழுதிய சொற்களையே காட்டும். டிக்டொக்கின் பகுப்பாய்விலும் தேடல் வழியாக வந்த பங்கு தனியாகத் தெரியும். அங்கே `jaffna vadai` என்று கண்டால் அந்தச் சொல் வேலை செய்கிறது. `thattu vadai set` என்று கண்டால் சேலத்து ஆள் வழிதவறி வந்திருக்கிறார். அப்படி வருகிறவர்கள் கூடி, தள்ளிவிட்டவர்களின் வீதமும் ஏறியிருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஊர்ப்பெயரைச் சேருங்கள். இன்ஸ்டாகிராமிலும் யூடியூப்பிலும் பதிவிட்ட பிறகும் கேப்ஷனைத் திருத்த முடியும்.

இதற்குப் பொறுமை வேண்டும். தள்ளிப் பார்க்கிறவர்களின் கூட்டம் முதல் சில நாட்களில் வந்து ஓய்ந்துவிடும். தேடி வருகிறவர்கள் ஒருவர் இருவராகத்தான் வருவார்கள், ஆனால் தீபாவளிக்கு முன்னும், ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் பொதி கட்டும் காலத்திலும் பழைய வீடியோவுக்கே வருவார்கள். அவர்கள் கருத்துப் பகுதியில் கேட்பதைக் கவனமாக வாசியுங்கள். 'கோதுமை மா இல்லாமல் செய்யலாமா?', 'எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?', 'கனடாவுக்கு அனுப்புவீங்களா?' என்று கேட்பவர், தேடுகிறவர் பாவிக்கும் சொல்லைத் தன் கையாலேயே எழுதித் தந்திருக்கிறார். அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் அடுத்த வீடியோவின் முதல் வரி. அன்ரியின் அடுத்த கேப்ஷனை நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்: 'பருத்தித்துறை வடை எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும்?'